இருபது பிள்ளைகள், இரண்டு மணி நேரம்: பிறந்தநாள் தீனிக்கு ஒரு கணக்கு

என் மகளின் நான்காவது பிறந்தநாளுக்கு மேசையில் பதினொரு பண்டம் வைத்திருந்தேன். சமோசா, பப்ஸ், சிப்ஸ், ஜிலேபி, இரண்டு விதமான கேக், பெரிய பாட்டில்களில் கோலா என்று மேசையே தெரியவில்லை. ஆறு மணிக்குள் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. பாதி கடித்த பப்ஸ் மாடிப் படியெல்லாம் கிடந்தது. "அத்தனையும் வாங்கியிருக்கியே, பிள்ளைங்க ஒண்ணையாவது முழுசா சாப்பிட்டுச்சா?" என்று என் மாமியார் கேட்டார். ஒன்றைக்கூட முழுதாகச் சாப்பிடவில்லை.

எத்தனை வகை வைப்பது என்று யோசித்ததுதான் நான் செய்த தப்பு. ஒரு பிள்ளை எத்தனை துண்டு சாப்பிடும், எத்தனை முறை குடிக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். ஆறாவது பிறந்தநாளுக்கு அப்படித்தான் கணக்குப் போட்டேன். சென்னையில் ஏப்ரல் கடைசி, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை, மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. அந்தக் கணக்கையே இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டுத் தலை எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

பதினெட்டுப் பிள்ளைகளை அழைத்தேன். நம் ஊரில் அழைத்த பிள்ளை தனியாக வராது. தம்பியோ தங்கையோ கூடவே வரும், அம்மாவோ பாட்டியோ உட்கார்ந்திருப்பார். அழைத்தவர்களில் இரண்டு மூன்று பேர் கடைசி நேரத்தில் வராமலும் போவார்கள். இது இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும் என்றாலும், அழைத்த எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி இருபது பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டேன். பெரியவர்கள், வீட்டு ஆட்களையும் சேர்த்துப் பதினான்கு.

வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பும்போதே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "உங்கள் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, கோதுமை எதுவானாலும்." பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று பதில் வரும். பெயர் சொல்லிக் கேட்டால்தான் "முந்திரி சாப்பிட்டால் உதடு வீங்கும்" என்று ஓர் அம்மா நினைவுக்குக் கொண்டுவருவார். எங்களுக்கு அப்படி ஒருவர் சொன்னார். சொன்னபிறகு, எல்லாப் பண்டத்திலும் முந்திரியை விட்டுவிடுவதுதான் சுலபமான வழி. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டு வைத்தால், விளையாட்டு மும்முரத்தில் தட்டு மாறிப்போகும். பேக்கரியிலும் கேக்கில் முந்திரித் தூள் சேர்ப்பார்களா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் முட்டையில்லாத கேக் ஒன்றே போதும், இரண்டு கேக் வேண்டாம்.

மாலை ஐந்து மணிப் பிள்ளை எவ்வளவு சாப்பிடும்?

மதியம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறது, இரவு வீட்டில்தான் சாப்பாடு. நடுவில் இரண்டு மணி நேரம், அதிலும் பாதி நேரம் ஓட்டம். ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைக்கு நான் வைத்த அளவு இது: கைக்கு அடக்கமான சாண்ட்விச் துண்டு இரண்டு, மினி இட்லி ஐந்து, சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி சுண்டல், பழம் நான்கைந்து துண்டு, கேக் ஒரு துண்டு. தட்டில் பார்க்கும்போது குறைவாகத்தான் தெரியும். ஆனால் இருபதில் பதினைந்து பிள்ளைகள் இதையே மிச்சம் வைத்தார்கள்.

காரவகை மூன்று, பழம் ஒன்று, கேக் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். நான்காவது காரவகை வந்தால் பிள்ளை கூடுதலாகச் சாப்பிடாது, ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிடும். வீணாவது அந்த இடத்தில்தான்.

சர்க்கரையைக் கேக்குக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள்

பிறந்தநாளன்று இனிப்பே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கேக் இல்லாத பிறந்தநாளை என் மகள் மன்னிக்கமாட்டாள். நான் பார்ப்பதெல்லாம், அன்றைய இனிப்பு கேக்கிலிருந்து மட்டும் வர வேண்டும், கூடவே குடிக்கும் பானத்திலிருந்தும் வரக்கூடாது என்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் சொல்கிறது. 50 கிராம் கிரீம் கேக்கில் ஏறக்குறைய 15 முதல் 20 கிராம் வரை சர்க்கரை போய்விடும். கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி குடித்தாலே 21 கிராம் ஆகிறது. கேக்கும் கோலாவும் சேர்ந்தால் அன்றைய அளவைத் தாண்டிவிடும். இதில் பிள்ளை கேட்டு அழுவது கேக்குக்குத்தான். கோலா இல்லாவிட்டால் "எங்கே?" என்று ஒரு முறை கேட்கும், அவ்வளவுதான். அதனால் கோலாவை எடுத்துவிடுவதில் சண்டையும் குறைவு, லாபமும் அதிகம்.

மாம்பழ பானம் பழம்தானே என்று நினைப்பவர்கள் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சேர்த்த பொருள்களை அளவில் அதிகமானது முதலில் வரும்படிதான் அச்சிட வேண்டும். முதலில் தண்ணீர் இருக்கும், பழக்கூழுக்குப் பக்கத்திலேயே சர்க்கரையும் இருக்கும். ஊட்டச்சத்து அட்டவணையில் 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்பதைப் படியுங்கள். பல பானங்களில் அது கோலாவுக்குக் குறையாது.

குடிக்க

எலுமிச்சை ஜூஸ், நீர்மோர், தண்ணீர். மூன்றே போதும்.

எலுமிச்சை ஜூஸ் ஒரு லிட்டருக்கு, சாறுள்ள நடுத்தரப் பழம் மூன்று, சர்க்கரை 60 கிராம், இரண்டு சிட்டிகை உப்பு. நூறு மில்லி டம்ளரில் சர்க்கரை 6 கிராம்தான் வரும். கடை ஜூஸ் பழகிய நாக்குக்கு முதல் வாய் சப்பென்று இருக்கலாம். ஆனால் ஓடிவிட்டு வரும் பிள்ளைக்குச் சில்லென்று இருந்தால் போதும். பிள்ளைக்கு இரண்டு டம்ளர், பெரியவருக்கு 150 மில்லி என்று கணக்கிட்டால் ஆறு லிட்டர் ஆகும். பதினெட்டுப் பழம் தேவை, நான் இருபது வாங்கினேன். சாறு வற்றிய பழம் இரண்டாவது இருக்கும்.

காலையிலேயே பிழிந்து கலந்து வைத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். நேரமாக ஆக ஜூஸ் கசக்கும். கடைசிச் சொட்டு வரை தோலோடு நசுக்கினாலும், விதை உள்ளே கிடந்தாலும் இன்னும் சீக்கிரம் கசக்கும். சர்க்கரையைக் காலையில் வெந்நீரில் கரைத்து ஆற வைத்துக்கொண்டேன். பழத்தை நான்கு மணிக்குப் பிழிந்து வடிகட்டி, ஐந்துக்குக் கலந்தேன். புதினா போட வேண்டாம். பெரியவர்களுக்கு அழகு, பிள்ளைகளுக்கு அது 'புல்'.

நீர்மோருக்கு ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர். 750 மில்லி தயிரில் மூன்று லிட்டர் கிடைக்கும். பெரியவர்கள் எல்லாருக்கும், கேட்கும் பிள்ளைகளுக்கும் அது போதும். பச்சைமிளகாய் சேர்க்காமல் இஞ்சி தட்டிப்போட்டு, பெருங்காயம், கறிவேப்பிலை, உப்போடு கலந்து வடிகட்டிவிடுங்கள். நன்னாரி சர்பத் பிடிக்கும் என்றால் வைக்கலாம், ஆனால் அந்தப் பாகும் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம்.

இனி தண்ணீர். நான் முன்பு ஏமாந்தது இதில்தான். பிள்ளைக்கு 300 மில்லி வீதம் ஆறு லிட்டர், பெரியவர்களுக்கு 400 மில்லி வீதம் ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஜூஸுக்கும் மோருக்கும் போகும் எட்டு லிட்டரைச் சேர்த்தால் ஒரு 20 லிட்டர் கேன் அப்படியே காலி. இரண்டு கேன் வாங்கி வையுங்கள். ஐஸ் கட்டியும் இந்தத் தண்ணீரில்தான் உறைய வைக்க வேண்டும். தெருவில் வாங்கும் பாளம் ஐஸ் பாட்டிலைச் சுற்றி வைக்க மட்டும்தான், டம்ளருக்குள் போடக்கூடாது.

டம்ளரைப் பற்றி ஒன்று. பிள்ளை பாதி குடித்துவிட்டு எங்கேயோ வைக்கும், அடுத்த முறை புதிதாகக் கேட்கும். இருபது பிள்ளைகள் நாற்பது ஐம்பது கப்பைத் தீர்த்துவிடுவார்கள், அதில் பாதி ஜூஸ் கொட்டிக் கிடக்கும். பிளாஸ்டிக் கப்பும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. நான் வாடகைப் பாத்திரக் கடையில் சின்ன எவர்சில்வர் டம்ளர் நாற்பது எடுத்தேன். உள்ளே வரும்போதே ஒவ்வொரு பிள்ளையின் டம்ளரிலும் பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தோம். தன் பெயர் இருந்தால் டம்ளரைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். முக்கால் டம்ளர்தான் ஊற்ற வேண்டும், வேண்டுமென்றால் மறுபடி.

காரவகை மூன்று

*மினி இட்லி.* ஒரு கிலோ மாவில் நூறு மினி இட்லிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். என் பாத்திரத்தில் ஓர் ஈட்டுக்கு 72. இரண்டு ஈடு போட்டால் 144, ஒன்றரை கிலோ மாவு போதும். பிள்ளைகளுக்கு நூறு, மிச்சம் பெரியவர்களுக்கு. தேங்காய்ச் சட்னி வேண்டாம், அந்த வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும், பிள்ளைகளின் புதுத்துணியிலும் வழியும். பொட்டுக்கடலை, உளுந்து, கொஞ்சம் மிளகு, உப்பு வறுத்துப் பொடித்து, நெய்யோடு பிரட்டினேன். இட்லி சூடாக இருக்கும்போது பிரட்டினால் உடையும், ஆறிப்போனால் பொடி ஒட்டாது. வெதுவெதுப்பாக இருக்கும்போது பிரட்ட வேண்டும். ஆவி அடங்கும்முன் ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து, கீழே இருக்கும் இட்லி குழைந்துபோகும்.

*சுண்டல்.* வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு கிலோ ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே வரும். பிள்ளைக்கு 40 கிராம், பெரியவருக்கு 80 கிராம் என்றால் 1.9 கிலோ. ஆக, ஒரு கிலோ கடலை தாராளம். முந்தின இரவே ஊற வையுங்கள், எட்டு மணி நேரமாவது வேண்டும். நசுக்கினால் மாவாக வேண்டும், ஆனால் தோல் கழன்று குழையக்கூடாது. தேங்காய்த் துருவலை பரிமாறும் நேரத்தில்தான் போட வேண்டும். காலையிலேயே போட்ட சுண்டல் மாலைக்குள் ஊசிப்போகும். தொட்டால் வழவழப்பாக இருந்தாலோ நூல் விட்டாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

*சாண்ட்விச்.* ஒரு பாக்கெட்டில் ஓரத் துண்டுகளை விட்டுவிட்டு எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். நான் வாங்கியதில் பதினாறு. இரண்டு பாக்கெட்டில் பதினாறு சாண்ட்விச், நான்காக வெட்டினால் 64 துண்டு. பிள்ளைகளுக்கு நாற்பது போக, பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தும் பத்து மிஞ்சும். உள்ளே வெள்ளரிக்காயும் சீஸும். வெள்ளரிக்காயில் உப்புத் தூவினால் தண்ணீர் விட்டு ரொட்டி ஊறிவிடும். உப்புப் போடாமல், துணியில் ஒற்றி எடுத்து வையுங்கள். இரண்டு ரொட்டித் துண்டின் உள்பக்கத்திலும் வெண்ணெய் தடவினால் ஈரம் உள்ளே இறங்காது. வெட்டியதும் ஈரத்துணியால் மூடிவைக்காவிட்டால் ஓரம் காய்ந்து சுருண்டுவிடும்.

மயோனைஸ் தடவ வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை போட்டது, அதில் கிருமி எளிதில் வளர்வதுதான் காரணம். வெயில் காலத்தில் பிள்ளைகள் கூடும் இடத்தில் அந்தக் கவலையே எதற்கு?

சிப்ஸ் இல்லாமல் முடியாது என்றால் ஒரு பெரிய பாக்கெட்டைக் கிண்ணத்தில் கொட்டிப் பெரியவர்கள் பக்கம் வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டினால் சுண்டலைத் தொடமாட்டார்கள். வீட்டுத் தேன்குழல் ஒரு நல்ல மாற்று, ஆளுக்கு ஒன்று.

பழமும் கேக்கும்

ஏப்ரலில் தர்பூசணியை மிஞ்ச ஒன்றுமில்லை. நான்கு கிலோ பழத்தில் தோல் போக இரண்டரை கிலோ அளவுக்குச் சதை கிடைக்கும். பிள்ளைக்கு 80 கிராம், பெரியவருக்கு 60 கிராம் கொடுக்க அது சரியாக இருக்கும். விதையெடுத்து, பல்குத்தும் குச்சி குத்தாமல், சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். கூர்க்குச்சியோடு ஓடும் பிள்ளையைப் பார்த்தால் நெஞ்சு பதறும். நாலரை மணிக்கு வெட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். ஆப்பிளும் வாழைப்பழமும் கறுத்துவிடும், அவற்றைத் தவிர்த்துவிட்டேன்.

கேக் ஒன்றரை கிலோ. பிள்ளைக்கு 50 கிராம் வீதம் ஒரு கிலோ, பெரியவர்களுக்கு 35 கிராம் வீதம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கிலோ வாங்கச் சொல்லி பேக்கரியில் வற்புறுத்துவார்கள், வேண்டியதில்லை. கிரீம் கேக்கை வெட்டும்வரை ஃபிரிட்ஜில் வையுங்கள். முப்பத்தாறு டிகிரி வெயிலில் அரை மணி நேரத்துக்குள் பூ வேலைப்பாடு வழியத் தொடங்கும்.

கூட வரும் குட்டிகள்

தம்பி தங்கையாக வரும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. முழுக் கொண்டைக்கடலை, முழு திராட்சை, வேர்க்கடலை, பாப்கார்ன், உருண்டை மிட்டாய், சின்னக் கப்பிலிருந்து உறிஞ்சும் ஜெல்லி எல்லாமே அவர்கள் தொண்டையில் அடைக்கக்கூடியவை. சுண்டலை அவர்களுக்கு மசித்துக் கொடுங்கள், திராட்சை வைத்தால் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பெரிய பிள்ளைகளானாலும் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஓடிக்கொண்டே சாப்பிடும்போதுதான் புரையேறும். பாய் விரித்து வரிசையாக உட்கார வைத்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

எப்போது எதை எடுப்பது

நம் வீடுகளில் எல்லாரும் வந்து சேரும்வரை கேக் வெட்டுவதில்லை. அதற்குள் ஆறேகால் ஆகிவிடும். பசித்த பிள்ளை கேக்கை இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, இட்லியைத் திரும்பிப் பார்க்காது. அதனால் வரிசையை மாற்றினேன். ஐந்து மணிக்கு வந்ததும் ஜூஸ். ஐந்து நாற்பதுக்கு, முதல் விளையாட்டு முடிந்ததும், பாக்குமட்டைத் தட்டில் முன்கூட்டியே பரிமாறிய மூன்று காரவகையும். ஆறேகாலுக்குக் கேக், அதோடு தர்பூசணி. ஆறே முக்காலுக்கு இன்னொரு சுற்றுத் தண்ணீர். மேசையில் வைத்து "எடுத்துச் சாப்பிடுங்கள்" என்றால் பிள்ளைகள் தேவைக்கு மேல் அள்ளுவார்கள். தட்டில் கொடுத்துவிட்டு, கேட்டால் மறுபடி வையுங்கள்.

சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கெட்டதெல்லாம் நாறாது என்பதால் மோந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. சென்னை ஏப்ரலில் ஏசி இல்லாத அறை என்றால் ஒரு மணி நேரக் கணக்குத்தான். அதனால் இட்லியை நாலரை மணிக்குமேல் அவித்தோம். சாண்ட்விச்சைக் கடைசியாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்தோம். சுண்டலை மதியமே வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஐந்தேகாலுக்கு ஆவி பறக்கச் சுடவைத்துத் தாளித்தோம்.

இவ்வளவும் செய்ய நானும் என் நாத்தனாரும் போதுமாக இருந்தோம். என் கணவர் டம்ளர் ஸ்டிக்கர் வேலையில் மும்முரமாக இருந்தார், அதற்கே அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

ஏழரைக்கு எல்லாரும் போனபிறகு மிஞ்சியதை எழுதி வைத்தேன், அடுத்த வருடம் உதவும் என்று. சாண்ட்விச் பதினொரு துண்டு, சுண்டல் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, மோர் முக்கால் லிட்டர், கேக் இரண்டு துண்டு. இட்லியும் தர்பூசணியும் எலுமிச்சை ஜூஸும் ஒன்றுமில்லை. ஏழு வயதில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவார்கள் என்பதால் இட்லியை மூன்று ஈடாக்கி, கடலையை முக்கால் கிலோவாகக் குறைக்கப்போகிறேன். இரண்டாவது தண்ணீர் கேனைப் பாதிதான் தொட்டோம். ஆனாலும் அதை மட்டும் குறைக்கமாட்டேன்.